அசையும் முகத்தைத் தடம்பற்றி நிலைநிறுத்துதல்

சண்டைக் காட்சியில் நடித்த டூப் கலைஞரின் முகத்துக்குப் பதிலாக நடிகரின் முகத்தைப் பொருத்தும் வேலை திரைப்படத்துறைக்குப் புதிதன்று. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தில், மேற்கூரையிலிருந்து தொங்கும் சிறுமியாக நடித்த டூப் கலைஞர் படமாக்கலின்போது கேமராவை நோக்கி நிமிர்ந்துவிட்டதால், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் அந்தச் சில பிரேம்களில் சிறுமி நடிகையின் முகத்தைக் கணினியில் பொருத்தினர். இன்று அதே வேலையை இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் ஒருவர் தனியாகவே செய்ய முடியும். ஆனால் முகத்தை மாற்றும் கட்டத்துக்கு முன்பு, அசைந்துகொண்டிருக்கும் முகத்தைப் பிரேமுக்குப் பிரேம் தொடர்ந்து பற்றி, அதைத் திரையில் ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதல் செயலைத் தடம்பற்றல் என்றும் இரண்டாவதை நிலைநிறுத்தல் என்றும் இந்த அத்தியாயம் குறிப்பிடுகிறது.

நிலைநிறுத்தல் என்பது அசைவை அழிப்பதன்று. அசைவை எண்களாகப் பதிந்துகொண்டு தற்காலிகமாகக் கழித்து வைப்பதாகும். நிலையான முகத்தின்மேல் புதிய முகத்தைப் பொருத்தி முடித்த பிறகு, கழித்து வைத்த அதே எண்களைத் திரும்பக் கூட்டினால் புதிய முகம் பழைய அசைவைப் பெற்றுவிடும். ஆகவே எண்கள் மீளக்கூடியவையாக இருப்பதே இந்த வேலையில் முதன்மையானது. கீழே வரும் படிகளெல்லாம் அதை நோக்கியே அமைந்துள்ளன.

தொடங்குமுன்: ஒப்புதல்

முகம் அகற்றப்படுபவர், முகம் பொருத்தப்படுபவர் ஆகிய இருவரிடமும் எந்தக் காட்சியில், எந்தப் பயன்பாட்டுக்காக இது செய்யப்படுகிறது என்பதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். பொதுவாகப் படப்பிடிப்பில் கையெழுத்திடும் படிவத்தில் இது அடங்கியிருப்பதில்லை. கணினி வழியே வேறொருவராக வேடமிட்டு ஏமாற்றுவது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். ஒப்புதல் தராதவரின் முகத்தை, பயிற்சிக்காகவும்கூட, எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்பவர் தம் சொந்த முகத்தையும் ஒப்புக்கொண்ட நண்பரின் முகத்தையும் வைத்துப் பயில்வதே முறை.

எடுத்துக்காட்டுக் காட்சி

விளக்கத்துக்காக இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே காட்சி எடுத்துக்கொள்ளப்படுகிறது. டூப் கலைஞர் ஒருவர் கேமராவை நோக்கிப் படிக்கட்டில் ஓடி ஏறுகிறார். காட்சியின் நீளம் 4 விநாடி. நொடிக்கு 24 பிரேம் வீதம் 96 பிரேம்கள். படத்தின் அளவு 1920×1080 பிக்சல். முகத்தின் அகலம் நடுப்பகுதியில் ஏறத்தாழ 200 பிக்சல். 41ஆம் பிரேம் முதல் 46ஆம் பிரேம் வரை அவருடைய கை முகத்தின் ஒரு பக்கத்தை மறைக்கிறது. 60ஆம் பிரேமை ஒட்டி அவர் சுவர்ப்பக்கமாக ஏறத்தாழ 30 பாகை தலையைத் திருப்புகிறார். தலை இதைவிட மிகுதியாகத் திரும்பும் காட்சிகளுக்கு இங்கே கூறப்படும் இருபரிமாண முறை போதாது. அங்கே தலையின் முப்பரிமாண வடிவத்தை வைத்துத் தடம்பற்ற வேண்டியிருக்கும்.

படப்பிடிப்பிலேயே செய்ய வேண்டியவை

கணினியில் மணிக்கணக்கில் செய்யும் திருத்தத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நிமிடத்தில் தவிர்த்துவிட முடியும். டூப் கலைஞரின் முகம் எப்படியும் மூடப்படப்போவதால், ஒப்பனைப் பென்சிலால் அதன்மேல் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவில் புள்ளிகள் இடலாம். நெற்றியின் நடுவில் முடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒன்று, மூக்கின் வேரில் ஒன்று, மூக்கின் அடியில் அது மேலுதட்டைச் சேரும் இடத்தில் ஒன்று, கன்ன எலும்புகளின்மேல் ஒவ்வொன்று என ஐந்து புள்ளிகள் போதும். இவை எலும்பையோ குருத்தெலும்பையோ ஒட்டிய இடங்களாதலால் தோல் அங்கே குறைவாகவே நகரும். புருவம், உதடு, தாடை ஆகியவை பேச்சிலும் மூச்சிரைப்பிலும் தனியே அசைவதால் அவற்றில் புள்ளி இடுவது பயன்தராது.

கைபேசியில் படமெடுத்தால், படத்தை நிலையாக்கும் மின்னணு வசதியையும் தோலை வழவழப்பாக்கும் அழகுபடுத்தும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். முன்னது ஒவ்வொரு பிரேமையும் தன் கணக்கில் வளைத்துவிடும். பின்னது மென்பொருள் பற்றிக்கொள்ள வேண்டிய தோலின் நுண்விவரங்களைத் துடைத்துவிடும். குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதானால் ஷட்டர் வேகத்தை நொடியில் 1/50 பங்காக வைக்க வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையதாதலால், அந்த வேகத்தில் விளக்கின் துடிப்பு ஒவ்வொரு பிரேமிலும் சம அளவில் பதிவாகி, வெளிச்சம் ஏறி இறங்காமல் இருக்கும்.

காட்சியைப் பிரேம்களாகப் பிரித்தல்

1. கைபேசிகள் பெரும்பாலும் பிரேம்களுக்கிடையிலான இடைவெளி மாறிக்கொண்டேயிருக்கும்படி பதிவு செய்கின்றன. பின்வரும் கட்டளை இரு வேகங்களைக் காட்டும். அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் இடைவெளி சீராக இல்லை என்று கொள்ளலாம்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 shot.mp4
```

2. frames என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிய பின், காட்சியைச் சீரான வேகத்தில் தனித்தனிப் படங்களாகப் பிரிக்க வேண்டும்.

```
ffmpeg -i shot.mp4 -vf fps=24 frames/%04d.png
```

இங்குள்ள 24 என்ற எண் படமெடுத்த வேகத்தையே குறிக்க வேண்டும். நொடிக்கு 30 பிரேமாக எடுத்ததை 24 எனப் பிரித்தால் இடையிடையே பிரேம்கள் விடுபட்டு, அசைவு குதித்துக் குதித்துச் செல்லும்.

3. மூலக் கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, இனி எல்லா வேலையையும் பிரித்த படங்களைக் கொண்டே செய்ய வேண்டும். வேலையின் நடுவில் மீண்டும் பிரித்து பிரேம் எண் ஒன்று மாறினாலும் பதிந்த எண்கள் அனைத்தும் பிசகிவிடும்.

தடம்பற்றும் படிகள்

1. பிளெண்டரில் `Movie Clip Editor` பகுதியைத் திறந்து படவரிசையை ஏற்ற வேண்டும். காட்சியின் வேகத்தையும் 24 என அமைத்த பின் `Set Scene Frames` பொத்தானை அழுத்தினால் காட்சியின் நீளம் 96 பிரேம்களுக்குப் பொருந்திக்கொள்ளும்.

2. அடிப்படைப் பிரேம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முகம் நேராகவும் கூர்மையாகவும் மறைப்பின்றியும் தெரியும் பிரேமே அதற்குத் தகுதியானது. எடுத்துக்காட்டில் அது 30ஆம் பிரேம் எனக் கொள்ளலாம்.

3. அந்தப் பிரேமில் ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒரு குறியை வைக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் இரண்டு சதுரங்கள் உண்டு. உட்சதுரம் மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு துண்டுப் படம். வெளிச்சதுரம் அடுத்த பிரேமில் அந்தத் துண்டைத் தேட வேண்டிய எல்லை. ஓடுபவரின் முகம் ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 34 பிக்சல் நகர்கிறது என்றால், உட்சதுரத்தை 31 எனவும் வெளிச்சதுரத்தை 111 எனவும் வைக்கலாம். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் 40 பிக்சல் இடம் கிடைக்கும். எல்லையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், குறி ஒரு புள்ளியை விட்டு அதைப் போன்ற மற்றொரு புள்ளிக்குத் தாவிவிடக்கூடும்.

4. `Motion Model` என்பதில் `LocRotScale` தெரிவைக் கொள்ள வேண்டும். ஓடி வருபவரின் முகம் நகர்வதோடு சாய்வதும் பெரிதாவதும் உண்டு என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் மாறும் இடங்களில் `Normalize` வசதியையும் இயக்க வேண்டும்.

5. `Match` என்பதில் `Keyframe` தெரிவே ஏற்றது. மற்றொரு தெரிவான `Previous frame` ஒவ்வொரு பிரேமையும் அதற்கு முந்தையதுடன் மட்டுமே ஒப்பிடும். அதனால் குறி எளிதில் தொலையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்படும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போய், காட்சியின் இறுதியில் குறி புள்ளியை விட்டு விலகி நிற்கும். `Keyframe` தெரிவிலோ குறி தொலையும்போது நின்றுவிடும். நின்றுவிடும் குறியை உடனே கவனித்துத் திருத்த முடியும்; மெல்ல விலகும் குறியோ கண்ணுக்குத் தப்பிவிடும்.

6. 30ஆம் பிரேமிலிருந்து முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும், ஒரு நேரத்தில் ஒரு குறி என்ற முறையில் தடம்பற்ற வேண்டும். நின்ற இடத்தில் குறியைக் கையால் சரியாக வைத்தால் அதுவே புதிய ஒப்பீட்டுப் பிரேமாகிவிடும், அங்கிருந்து தொடரலாம்.

7. கை மறைக்கும் 41 முதல் 46 வரையிலான பிரேம்களில், மறைபடும் குறிகளை மட்டும் செயலிழக்கச் செய்ய வேண்டும். கையின்மேல் குறியை ஓடவிடுவது தொடக்கநிலையினர் அடிக்கடி செய்யும் தவறாகும். மறையாத குறிகள் அந்த ஆறு பிரேம்களைத் தாங்கிக்கொள்ளும். மறைந்த குறி நீங்கும்போதும் திரும்பும்போதும் முகம் சற்றே துள்ளினால், அந்தக் குறியின் `Stab` எடையை 36ஆம் பிரேம் தொடங்கி மெல்லக் குறைத்து, 47 முதல் 51 வரை மெல்லக் கூட்ட வேண்டும்.

குறி உண்மையிலேயே புள்ளியின்மேல் நிற்கிறதா என்பதைப் பக்கப்பலகையில் தெரியும் உருப்பெருக்கிய சிறு படத்தில் காணலாம். அதில் புள்ளி குறுக்குக்கோட்டின் நடுவில் அசையாமல் இருக்க வேண்டும். வரைபடக் காட்சியில் ஒரே ஒரு பிரேமில் மட்டும் கோடு முள்போல எழும்பியிருந்தால், அந்தப் பிரேமில் குறி தவறியிருக்கிறது என்று பொருள்.

நிலைநிறுத்தும் படிகள்

1. `2D Stabilization` பகுதியை இயக்கி, `Anchor Frame` என்பதில் அடிப்படைப் பிரேமின் எண்ணான 30ஐ இட வேண்டும்.

2. இடநகர்வுக்கான பட்டியலில் மூக்கின் வேரையும் இரு கன்னப் புள்ளிகளையும் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளின் சராசரி எடுக்கப்படுவதால், தனிக் குறி ஒன்றின் சிறு நடுக்கம் முழு முகத்தையும் ஆட்டாது.

3. சுழற்சியையும் அளவையும் இயக்கி, அவற்றுக்கான பட்டியலில் நெற்றி நடுப்புள்ளியையும் மூக்கடிப் புள்ளியையும் மட்டும் சேர்க்க வேண்டும். இந்தத் தேர்வின் காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

4. `Autoscale` வசதியை அணைத்தே வைக்க வேண்டும். ஓரங்களில் தோன்றும் கருப்பை மறைக்கப் படம் முழுவதையும் பெரிதாக்கும் வசதி அது. இங்கே ஓரங்கள் பொருட்டல்ல. `Interpolate` என்பதில் `Bicubic` தெரிவைக் கொள்ளலாம்.

5. நிலைநிறுத்திய காட்சியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முகம் திரையில் ஒட்டிவைத்ததுபோல நிற்க, படிக்கட்டும் சுவரும் அதைச் சுற்றி ஆடுவது சரியான விளைவாகும். கண்களின் உள்மூலைகளில் திரையின்மேலேயே குறுக்குக்கோடுகள் வரைந்துகொண்டால் ஒரு பிக்சல் விலகல்கூடத் தெரிந்துவிடும்.

கண்களை வைத்து அளவு கணிக்கும் தவறு

பலரும் இரு கண்களின் உள்மூலைகளைத் தடம்பற்றி, அவற்றுக்கிடையேயான தூரத்தை வைத்து முகத்தின் அளவைக் கணிக்கின்றனர். இந்த முறை எளிதாகத் தோன்றினாலும் இருவகையில் ஏமாற்றும்.

முதலாவது, தலை திரும்பும்போது நேர்வது. முகம் கேமராவிலிருந்து தள்ளிப்போனாலும் கண்களின் இடைத்தூரம் குறையும். முகம் பக்கவாட்டில் திரும்பினாலும் அது குறையும். இரண்டையும் மென்பொருளால் பிரித்தறிய முடியாது. எடுத்துக்காட்டில் 40 பிக்சலாக இருந்த தூரம் 30 பாகைத் திருப்பத்தில் ஏறத்தாழ 35 பிக்சலாகச் சுருங்கும். முகம் பின்னால் போய்விட்டதாகக் கொண்டு மென்பொருள் படத்தை ஏறத்தாழ 15 விழுக்காடு பெரிதாக்கிவிடும். 60ஆம் பிரேமை ஒட்டி முகம் பலூன்போல ஊதிச் சுருங்கும். நெற்றிக்கும் மூக்கடிக்கும் இடையிலான செங்குத்துத் தூரமோ பக்கவாட்டுத் திருப்பத்தால் பெரிதும் மாறுவதில்லை. மூக்கின் நுனியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது முகத்திலிருந்து வெளியே நீட்டியிருப்பதால் தலை திரும்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து, முகம் சாய்ந்துவிட்டதுபோலப் பொய்ச் சுழற்சியைக் காட்டும். தலையை மேலும் கீழும் ஆட்டும் காட்சியில் நிலைமை நேர்மாறாகும். அங்கே செங்குத்துத் தூரம் சுருங்குவதால் கன்னப் புள்ளிகளின் கிடைத்தூரத்தை நம்ப வேண்டும். எனவே காட்சியில் எந்த வகைத் திருப்பம் மிகுதி என்பதை முதலில் பார்த்துவிட்டே புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, தூரம் குறைவாக இருப்பதால் வரும் பிழை. குறி அரைப் பிக்சல் நடுங்கினால், 40 பிக்சல் தூரத்தில் அது 1.25 விழுக்காடு அளவுப் பிழையாகும். முகத்தின் நடுவிலிருந்து 100 பிக்சல் தள்ளியுள்ள காதோரம் ஒரு பிக்சலுக்கு மேல் துடிக்கும். நெற்றிக்கும் மூக்கடிக்கும் இடையே 160 பிக்சல் இருப்பதால், அதே அரைப் பிக்சல் நடுக்கம் காதோரத்தில் 0.3 பிக்சலாகச் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நடுக்கத்தை மழுங்கடிக்கும் ஆசை

தடத்தில் நடுக்கம் தெரிந்தவுடன், அடுத்தடுத்த பிரேம்களின் சராசரியை எடுத்துக் கோட்டை மழுங்கடிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. நிலையாக நின்று பேசும் முகத்தில் இது பெரிய தீங்கு செய்யாது. ஓடும் முகத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு முறை கால் படியில் பதியும்போதும் தலை சட்டென அதிரும். அந்த அதிர்வு இரண்டு மூன்று பிரேம்களுக்குள் முடிந்துவிடும். ஐந்து பிரேம் சராசரி எடுத்தால் பிழையோடு உண்மையான அதிர்வும் கரைந்துபோகும். பிறகு அசைவைத் திரும்பக் கூட்டும்போது தலை அதிர, புதிய முகம் மட்டும் அதிராமல், மண்டையோட்டின்மேல் முகமூடி வழுக்குவதுபோலத் தோன்றும். இறுதிப் படத்தில் லேசான நடுக்கத்தைவிட இந்த வழுக்கலே பார்வையாளரின் கண்ணை விரைவில் உறுத்தும். ஆகவே தவறிய பிரேமைக் கண்டுபிடித்து, அந்தக் குறியை மட்டும் கையால் திருத்துவதே ஏற்ற வழியாகும். 96 பிரேம்களில் இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

மீள்கிறதா என்று சோதித்தல்

முகத்தை மாற்றத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

1. பிளெண்டரின் `Compositor` பகுதியில் மூலக் காட்சியை `Stabilize 2D` கணுவுக்குள் செலுத்த வேண்டும். கணு என்பது படத்தின்மேல் ஒரு செயலைச் செய்து அடுத்ததற்கு அனுப்பும் பெட்டி.

2. அதன் வெளியீட்டை இரண்டாவது `Stabilize 2D` கணுவுக்குள் செலுத்தி, அதில் `Invert` தெரிவை இயக்க வேண்டும். முதல் கணு கழித்த அசைவை இது திரும்பக் கூட்டும்.

3. இந்த வெளியீட்டையும் மூலக் காட்சியையும் ஒரு கலவைக் கணுவில் `Difference` முறையில் கழித்துப் பார்க்க வேண்டும்.

முகப்பகுதி ஏறத்தாழ முழுக் கருப்பாக இருந்தால் எண்கள் மீள்கின்றன. கண்ணிமை, முடி போன்ற கூரிய விளிம்புகளில் மங்கலான கோடுகள் தெரிவது இயல்பே. படத்தை இருமுறை மறுகணக்கிட்டதால் வந்த மென்மை அது. படத்தின் ஓரங்கள் விடுபட்டிருப்பதும் கவலைக்குரியதன்று. ஆனால் முகத்தின் விளிம்பில் ஒரு பக்கமாகத் தடித்த கோடு தெரிந்தால், இரு கணுக்களும் வெவ்வேறு காட்சிக் கோப்பைக் குறிக்கின்றனவா, பிரேம் எண் ஒன்று தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை எண்கள் மீள்வதை மட்டுமே உறுதிசெய்யும். குறிகள் சரியான இடத்தில் நின்றனவா என்பதைச் சொல்லாது. அதற்கு நிலைநிறுத்திய காட்சியைக் கண்ணால் பார்ப்பதே வழி.

பொருத்தும் கட்டத்துக்கு ஒப்படைத்தல்

மேற்கண்ட மென்மை காரணமாக, இருமுறை மறுகணக்கிட்ட முழுப் படத்தை இறுதி வெளியீடாகக் கொள்ளக் கூடாது. புதிய முகத்தை மட்டும் மாஸ்க்கால் வெட்டி, அதன் விளிம்பை மென்மையாக்கி, இரண்டாவது கணுவின் வழியே அசைவைக் கூட்டி, தொடப்படாத மூலப் பிரேமின்மேல் வைக்க வேண்டும். அப்போது முடி, காது, பின்னணி ஆகியவை மூலத்தின் கூர்மையிலேயே இருக்கும். மாஸ்க்கின் எல்லை ஒப்பனைப் பென்சில் புள்ளிகள் அனைத்தையும் மூட வேண்டும். முடிக்கோட்டை ஒட்டிய நெற்றிப் புள்ளி விடுபடுவது வழக்கமாதலால் அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

நடிகரின் முகப் பதிவையும் இதே ஐந்து புள்ளிகளைக் கொண்டு இதே முறையில் நிலைநிறுத்தி, இரு முகங்களின் புள்ளிகளும் அடிப்படைப் பிரேமில் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி இடத்தையும் அளவையும் சரிசெய்ய வேண்டும். இங்கே புள்ளிகள் இறுதிப் படத்தில் தெரியும் முகத்தின்மேல் இருப்பதால், ஒப்பனைப் பென்சிலுக்கு மாறாக மச்சம், கண்மூலை போன்ற இயற்கை அடையாளங்களைப் பயன்படுத்தலாம். இல்லையேல் புள்ளிகளைப் பின்னர்த் தனியே அழிக்க வேண்டியிருக்கும்.

இறுதியாக, அசைவைக் கூட்டுவதால் இடம் மட்டுமே திரும்பும். அசைவினால் வரும் மங்கல் திரும்பாது. ஷட்டர் 1/50 நொடி திறந்திருக்க, பிரேம்களின் இடைவெளி 1/24 நொடியாக இருப்பதால், ஒரு பிரேமுக்கு 12 பிக்சல் நகரும் முகம் அந்தத் திசையில் ஏறத்தாழ 6 பிக்சல் மங்கியிருக்கும். நிலையாக அமர்ந்து பதிவான நடிகரின் முகத்தில் அந்த மங்கல் இருக்காது. ஆகவே வேகமாக நகரும் பிரேம்களில் நகர்வின் பாதியளவு மங்கலை அதே திசையில் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதை மூலப் பிரேமில் அருகிலுள்ள காதின் விளிம்போடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம்; காதும் கன்னமும் ஒரே அளவில் மங்கியிருக்க வேண்டும்.